நெட் வேகமாத்தான் இருக்கு, வகுப்பு ஏன் அறுந்து போகுது?

தென்காசியில் என் அக்கா பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே வீடியோ காலில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார். போன ஆடி மாதம் ஒரு நாள் இரவு போன் செய்தார். "தம்பி, நான் பேசுறது துண்டு துண்டாக் கேக்குதுன்னு பிள்ளைங்க சொல்லுதுங்க. திடீர்னு படம் அப்படியே நின்னுருது. பத்துப் பன்னிரண்டு நொடி கழிச்சுத்தான் அசையுது. கம்பெனிக்குப் போன் பண்ணினா, 100 எம்பிபிஎஸ் பத்தாது மேடம், 200க்கு மாறிக்கோங்கன்னு சொல்றாங்க. மாறட்டுமா?"

மாற வேண்டாம் என்றேன். வேகச் சோதனையில் அவருக்கு 90க்குக் குறையாமல் வந்துகொண்டிருந்தது. நல்ல தரமான வீடியோ காலுக்கே மூன்று, நான்கு எம்பிபிஎஸ் போதும். கோளாறு அகலத்தில் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் இந்த நாட்டில் இணைப்பு சரியில்லை என்று புகார் சொல்லும் பலருக்கும் முதலில் கிடைக்கும் பதில், கூடுதல் விலைத் திட்டம்தான். அந்தப் பணத்தைக் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு சொற்கள்.

தென்காசியிலிருந்து சென்னைக்குப் போகும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பேண்ட்வித் என்பது அந்தச் சாலையில் எத்தனை தடங்கள் என்பது. இருவழிச் சாலையை எட்டுவழிச் சாலை ஆக்கினால் ஒரே நேரத்தில் அதிக வண்டிகள் போகலாம். ஆனால் சென்னை ஒரு அடிகூடப் பக்கத்தில் வந்துவிடாது. 100க்கும் 200க்கும் உள்ள வேறுபாடு தடங்களின் எண்ணிக்கை மட்டுமே.

பிங் என்பது ஒரு பைக்கை அனுப்பி, அது போய்த் தொட்டுத் திரும்பி வர எத்தனை நேரம் ஆகிறது என்று பார்ப்பது. போக மட்டுமல்ல, போக வர. அளவு மில்லி நொடியில், அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி நொடியில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும். தென்காசிக்கும் சென்னைக்கும் 600 கிலோமீட்டர் என்றால், போக வர ஆறு மில்லி நொடி. கேபிள் சுற்றிப் போவதும் வழியில் உள்ள சந்திப்புகளில் நின்று போவதும் சேர்ந்து பதினைந்து, இருபது ஆனால் அது நல்ல சாலை. குரல் ஒரு வழி போக 150 மில்லி நொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட, எதிரில் இருப்பவர் பேசி முடித்துவிட்டாரா என்று தெரியாமல் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள்.

ஜிட்டர் என்பது அந்த நேரம் ஒரே சீராக இல்லாமல் தாறுமாறாக மாறுவது. பத்து நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டிய டவுன் பஸ் அரை மணி நேரம் வராமல் இருந்து, பிறகு மூன்று சேர்ந்தாற்போல் வருமே, அதுதான். சராசரி போட்டால் கணக்கு சரியாக வரும். நிறுத்தத்தில் நிற்பவருக்குத்தான் கஷ்டம். உங்கள் குரலும் இப்படித்தான் சிறு சிறு பொட்டலங்களாக, ஒரே இடைவெளியில் புறப்படுகிறது. தாறுமாறாக வந்து சேர்ந்தால், மறுமுனையில் உள்ள செயலி டிப்போ நேரக்காப்பாளர் போல அவற்றைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து, சீரான இடைவெளியில் வெளியே விடும். அது பிடித்துவைக்கும் நேரத்தையும் தாண்டித் தாமதமாக வரும் பொட்டலம் வந்தும் பயனில்லை, தூக்கி எறிந்துவிடும். "துண்டு துண்டாக் கேக்குது" என்பது பெரும்பாலும் இதன் அடையாளம்.

பாக்கெட் லாஸ் என்பது புறப்பட்ட வண்டி வந்தே சேராமல் போவது. சாலை உடைந்திருக்கலாம், அல்லது சுங்கச்சாவடியில் வரிசை நிரம்பி, இனி இடமில்லை என்று புதிதாக வரும் வண்டிகளை ஓரத்தில் தள்ளிவிடலாம். உண்மையில் ரவுட்டர்கள் அப்படித்தான் செய்கின்றன. ஒரு கோப்பைப் பதிவிறக்கும்போது தொலைந்த பொட்டலத்தைத் திரும்ப அனுப்பச் சொல்லி வாங்கிவிடலாம். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். பேச்சில் அப்படி முடியாது. திரும்ப வந்து சேருவதற்குள் அடுத்த சொல் போய்விட்டிருக்கும். அதனால்தான் சினிமா தடையில்லாமல் ஓடும் அதே வீட்டில் வகுப்பு அறுந்து போகிறது.

இனி, சாலை எங்கே கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்குள்ளா, வெளியிலா? வீட்டுக்குள் என்றால் நாமே சரிசெய்யலாம். வெளியில் என்றால் நிறுவனத்தின் பொறுப்பு. அக்காவின் விண்டோஸ் மடிக்கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து முதலில் `ipconfig` என்று அடிக்கச் சொன்னேன். அதில் `Default Gateway` என்ற வரியில் இருப்பதுதான் வீட்டு ரவுட்டரின் முகவரி. அவருக்கு அது 192.168.1.1. பிறகு இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினார்.

```
ping -n 300 192.168.1.1
ping -n 300 8.8.8.8
```

முதல் கட்டளை நம் வீட்டு வாசல் வரைக்கும் பைக் அனுப்புவது. இரண்டாவது, கூகுளின் பொது முகவரி வரைக்கும் அனுப்புவது. 300 என்பது எத்தனை முறை என்பதற்கு; நொடிக்கு ஒன்று வீதம் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். எண் கொடுக்காவிட்டால் விண்டோஸ் நான்கே முறை அனுப்பி நிறுத்திவிடும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வேகச் சோதனை ஏமாற்றுவதும் இதனால்தான். அது அரை நிமிடம்கூட ஓடாது. அந்த நேரத்தில் சாலை நன்றாக இருந்தால் நல்ல எண்ணைக் காட்டிவிடும்.

முதல் சோதனையிலேயே ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரே வீட்டுக்குள், வைஃபையில், ரவுட்டரைத் தொட்டு வர 3, 4, 120, 5, 140, 3 என்று எண்கள் குதித்தன. வீட்டு வாசலுக்குப் போய்வரவே இவ்வளவு தடுமாற்றம் என்றால் வெளிச் சாலையைக் குறை சொல்ல முடியாது. ரவுட்டர் ஹாலில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. ரவுட்டரிலிருந்து மடிக்கணினிக்கு நேராக ஒரு லேன் கேபிள் போட்டதும் 300 எண்களும் ஒரு மில்லி நொடியில் வந்து நின்றன. குரல் துண்டாகும் தொல்லை அன்றோடு போயிற்று. செலவு அந்தக் கேபிள் மட்டுமே.

ஆனால் படம் உறைவது நிற்கவில்லை. மறுநாள் மாலை, காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், கேபிளில் இணைத்தபடியே இரண்டாவது கட்டளையை ஓட்டினார். சாதாரணமாக 18, 19 என்று அமைதியாக வந்துகொண்டிருந்த வரிகளுக்கு நடுவே, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று வரி சேர்ந்தாற்போல் `Request timed out.` என்று வந்தது. கடைசியில் `Lost = 9 (3% loss)`. பதில் வராத ஒவ்வொரு வரிக்கும் விண்டோஸ் நான்கு நொடி காத்திருக்கும். மூன்று வரி என்றால் பன்னிரண்டு நொடி. படம் உறைந்து நின்ற நேரமும் அதுவே. 8.8.8.8 பதில் சொல்லாததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று நிறுவனம் சொல்லிவிடக் கூடாதே என்று இன்னொரு திரையில் 1.1.1.1 என்ற வேறு முகவரிக்கும் சேர்த்து ஓட்டச் சொன்னேன். இரண்டும் ஒரே நொடியில் அறுந்தன. அந்த நேரத்தில் கூரை ஓரம் மாட்டியிருந்த இணைப்புப் பெட்டியில் `LOS` என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டியது. ஒளி வந்து சேரவில்லை என்பதற்கு அதுதான் அறிகுறி.

பேண்ட்வித்தே காரணமாக இருக்கும் வீடுகளும் உண்டு. எல்லாப் போனையும் அணைத்துவிட்டு ஓட்டும்போது 18ஆக இருக்கும் பிங், ஒரு போன் படங்களைக் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கியதும் 300க்குப் போகிறது என்றால், அது வரிசையில் நிற்கும் நேரம். வகுப்பு நடக்கும்போது அந்த ஏற்றத்தை நிறுத்தினாலே போதும். அக்கா வீட்டில் அது இல்லை.

அக்கா சேவை மையத்துக்குப் போன் செய்து, "வேகம் குறைவு" என்று சொல்லாமல், "மாலையில் விட்டு விட்டு இணைப்பு அறுகிறது, சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது, ரவுட்டர் வரைக்கும் லாஸ் இல்லை, அதற்கு அப்பால் 3 சதவீதம்" என்று பதிவு செய்தார். இந்தச் சொற்களுக்கு மதிப்பு உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கொண்டுவந்த சேவைத் தர விதிகளில் தாமதம், ஜிட்டர், பாக்கெட் லாஸ் மூன்றும் அளக்கப்பட வேண்டியவையாக இடம்பெற்றுள்ளன. ஆனால் அவை ஒரு நிறுவனத்தின் மொத்த வலையமைப்பை எடைபோடும் அளவுகோல். உங்கள் ஒரு வீட்டு இணைப்புக்கான உத்தரவாதமாக அவற்றைக் காட்டி வாதாட முடியாது. தனிநபர் புகாரை டிராய் நேரடியாகத் தீர்த்து வைப்பதும் இல்லை.

உங்களுக்கு உள்ள வழி, 2012ஆம் ஆண்டின் புகார் தீர்வு விதிகள். பதிவு செய்யும் ஒவ்வொரு புகாருக்கும் நிறுவனம் டாக்கெட் எண் தந்தாக வேண்டும். எண் இல்லாத புகார் புகாரே அல்ல. போனை வைக்கும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள். அக்காவுக்கு எண் வந்தது. இரண்டு நாளில் யாருமே வராமல், "புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தியும் வந்தது. இங்கேதான் பலர் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் முறையிடலாம், கட்டணம் கிடையாது, அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவருடைய முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்க வேண்டும். அக்கா டாக்கெட் எண்ணையும், தேதி நேரம் தெரியும்படி எடுத்த நான்கு நாள் ஸ்கிரீன்ஷாட்களையும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்பினார்.

அதற்கும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தொலைத்தொடர்புத் துறையின் பொதுக் குறைதீர்ப்புப் பிரிவு, கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று நிறுவனங்கள் நெடுநாள் வாதாடி வந்தன. விசாரிக்கலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

அவ்வளவு தூரம் போகவில்லை. மின்னஞ்சல் போன நாலாம் நாள் ஒரு பையன் ஒளி அளக்கும் கருவியோடு வந்தான். கம்பத்துப் பெட்டியில் மைனஸ் 20 டிபிஎம் இருந்தது. வீட்டு முனையில் மைனஸ் 22. அவன் கேபிளை லேசாக அசைத்ததும் மைனஸ் 29. இவ்வகைப் பெட்டிகளுக்குப் பொதுவாக மைனஸ் 27 வரைதான் ஒளி பிடிபடும். அதற்குக் கீழே போனால் இணைப்பு அறுந்து, மறுபடி சேரப் பத்துப் பன்னிரண்டு நொடியாகும். தெருக்கோடியில், தென்னை மட்டை உரசும் இடத்தில், கேபிளைக் கட்டுக்கம்பியால் இறுக்கி மின்கம்பத்தோடு கட்டியிருந்தார்கள். காற்றில் மட்டை ஆடும்போதெல்லாம் இழை மடிந்து ஒளி வெளியே கசிந்திருக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறதே என்று நீங்களே அந்த இழையைக் கழற்றிப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல்.

பையன் புது கேபிளை மட்டைக்கு எட்டாமல் இழுத்துக் கட்டினான். எவ்வளவு அசைத்தாலும் மைனஸ் 21. போகும் முன், "அக்கா, அந்த டெஸ்டை இன்னொரு தடவ ஓட்டுங்க, நானும் பாக்கேன்" என்றான். அன்றைக்கும் சாரல் காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது. 300 போயிற்று, 300 வந்தது. அந்தத் திரையையும் படம் எடுத்து வைத்துக்கொண்டார் அக்கா. திட்டம் இன்னும் அதே 100 எம்பிபிஎஸ்தான்.