வாசலில் நிற்பவருக்கான குறிப்பு

சென்னைக்கு வரும் வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டித்தான் இறங்குகின்றன. பெட்டியை எடுத்துக்கொண்டு, கார் பிடித்து, சில நாள் வாடகைக்கு எடுத்த ஃபிளாட்டின் வாசலுக்கு ஒருவர் வந்து சேரும்போது மணி இரண்டரை ஆகியிருக்கும். வீட்டுக்காரர் வேறு ஊரில் உறங்கிக்கொண்டிருப்பார். வந்தவரின் செல்போனில் உள்ளூர் சிம் இருக்காது, சார்ஜும் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் அவருக்குத் துணை, முன்பே அனுப்பிவைத்த குறிப்பு ஒன்றுதான். அதனால் அது இணையம் இல்லாமலே திறக்கும் படமாக இருக்க வேண்டும். காரிலிருந்து இறங்கும் இடத்தில் தொடங்கி, நடந்து வரும் வரிசையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

"மூன்றாம் மாடி, கதவு எண் 3பி, கடவுச்சொல் 4827" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊர் ஃபிளாட்களில் மரக்கதவுக்கு முன்னால் ஒரு இரும்பு கிரில் கேட் இருக்கும். எண் பூட்டு மரக்கதவில். கிரில்லில் தொங்குவதோ சாதாரணப் பூட்டு. அதன் சாவி எங்கே என்று சொல்லாவிட்டால் விருந்தினர் கிரில்லுக்கு வெளியிலேயே நிற்பார். நல்ல குறிப்பு இப்படிப் போகும்:

"கேட்டில் செக்யூரிட்டி இருப்பார். 3பி என்று சொல்லுங்கள். உங்கள் பெயர் அவரிடம் இருக்கிறது. லிஃப்டில் மூன்றாம் மாடி, வெளியே வந்ததும் இடப்பக்கம். கிரில்லின் வலப்பக்கச் சுவரில் சிறிய கறுப்புச் சாவிப்பெட்டி. எண்களைத் திருப்பி 3915 வைத்தால் திறக்கும். சாவியை எடுத்துப் பூட்டைத் திறங்கள். மரக்கதவில் உள்ள பூட்டின் கண்ணாடியை உள்ளங்கையால் தொடுங்கள், எண்கள் ஒளிரும். 4827, பிறகு # அழுத்துங்கள். இசை கேட்டதும் கைப்பிடியைக் கீழே அழுத்துங்கள்."

உள்ளங்கையால் தொட வேண்டும் என்ற வரியை விட்டுவிடக் கூடாது. பல எண் பூட்டுகளில் தொடும்வரை கண்ணாடி கறுப்பாகவே கிடக்கும். புதிதாக வருபவர் பூட்டு செத்துவிட்டது என்றே எண்ணுவார். தவறான எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் பூட்டு சில நிமிடம் எதையும் ஏற்காது. அதையும் சொல்லிவைத்தால் பதற மாட்டார். கடவுச்சொல்லை ஒவ்வொரு விருந்தினருக்கும் மாற்றியே ஆக வேண்டும்.

இந்தப் பூட்டுகளில் பெரும்பாலானவை நான்கு ஏஏ பேட்டரியில் ஓடுபவை. தீரும் முன் சில நாள் எச்சரிக்கை ஒலி தரும். வீட்டைச் சுத்தம் செய்பவரிடம் அந்த ஒலியைக் கவனிக்கச் சொல்லிவைப்பதே முதல் காப்பு. அதையும் மீறித் தீர்ந்துவிட்டால், பல மாடல்களில் வெளிப்பக்க அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். 9 வோல்ட் சதுர பேட்டரியை அங்கே அழுத்திப் பிடித்தபடியே எண்ணைப் போட்டால் கதவு திறக்கும். கையை எடுத்தால் மின்சாரம் நின்றுவிடும். சாவிப்பெட்டியில் அப்படி ஒரு பேட்டரி கொள்ளாவிட்டால் செக்யூரிட்டியிடமாவது ஒன்று இருக்கட்டும்.

உள்ளே வந்ததும் கேட்பது வைஃபை. கடவுச்சொல்லில் ஓ எழுத்தும் பூஜ்யமும் கலந்திருந்தால் தொல்லை. கியூஆர் கோடாக அச்சிட்டு ஹாலில் ஒட்டிவிடலாம். அதில் பொதிய வேண்டியது இவ்வளவுதான்:

```
WIFI:T:WPA;S:Flat3B;P:mazhai2468;;
```

கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் விளக்கும் ஃபேனும் ஓடும், வைஃபை மட்டும் நின்றுவிடும் என்பது பொதுவான புகார். ஃபைபர் இணைப்பில் சில வீடுகளில் இரண்டு பெட்டிகள் உண்டு. ரவுட்டரை மட்டும் இன்வெர்ட்டர் பிளக்கில் செருகிவிட்டு, ஃபைபர் வந்து சேரும் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்.

கீசர் சுவிட்ச் பெரும்பாலும் குளியலறைக்கு வெளியே இருக்கும். அதன்மேல் பெயர் ஒட்டுங்கள். 15 லிட்டர், 2 கிலோவாட் கீசரில் 28 டிகிரி தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகச் சுமார் 17 நிமிடம் பிடிக்கும். "இருபது நிமிடம் முன்னால் போடுங்கள், குளிக்கும் முன் அணைத்துவிடுங்கள்" என்று எழுதினால் போதும். இண்டக்ஷன் அடுப்பு இருந்தால், அதற்கு ஏற்ற பாத்திரங்களைத் தனி அலமாரியில் வைத்து அதையும் குறிப்பிடுங்கள். அலுமினியப் பாத்திரம் வைத்துவிட்டு அடுப்பு கெட்டுவிட்டது என்று அழைப்பவர்கள் உண்டு.

வெளிநாட்டவர் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்வது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. பாஸ்போர்ட், விசா நகலை அவர் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். நள்ளிரவில் படம் எடுத்து அனுப்பச் சொல்வது நியாயமில்லை.

காலி செய்யும் நாளுக்கான தாள் கதவின் உட்பக்கம், கண்ணுக்கு நேராக ஒட்டப்பட வேண்டும். பொறுப்பான விருந்தினர்தான் புறப்படும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவார். ஃப்ரிட்ஜும் வைஃபையும் அதோடு போய்விடும். ஆகவே அணைக்க வேண்டியவற்றோடு, அணைக்கக் கூடாதவற்றையும் எழுதுங்கள்: "ஏசி, கீசர், கேஸ் ரெகுலேட்டர் அணைக்கவும். ஃப்ரிட்ஜ், மெயின், இன்வெர்ட்டர் அப்படியே இருக்கட்டும். பாஸ்போர்ட், சார்ஜர் எடுத்தாயிற்றா? கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். கிரில்லைப் பூட்டி, சாவியைப் பெட்டியில் வைத்து, எண்களைக் கலைத்துவிடவும். காலை 11 மணிக்குள்."