மூன்று பக்கெட், ஒரு விதி

2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000 புள்ளிகளைத் தொட்டது. 2009 மார்ச்சில் அது 8,200-க்கும் கீழே கிடந்தது. அந்த ஜனவரியில் ஓய்வுபெற்ற ஒருவர், கையில் வந்த பணம் முழுவதையும் பங்குச்சந்தை ஃபண்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஒரு யூனிட் 100 ரூபாயாக இருந்தபோது, ஓராண்டுச் செலவுக்கான 4.8 லட்சத்தை எடுக்க 4,800 யூனிட் விற்றால் போதும். அதுவே 40 ரூபாயாக இறங்கியபின் 12,000 யூனிட் விற்க வேண்டும். சந்தை பிறகு ஏறும்தான். ஆனால் விற்றுப்போன யூனிட்டுகள் அந்த ஏற்றத்தில் பங்கு பெறாது. சம்பளம் வாங்குபவருக்கு இறக்கம் மலிவாக வாங்கும் வாய்ப்பு. ஓய்வுபெற்றவருக்கோ, அதுவும் முதல் சில ஆண்டுகளில் வந்தால், முதலையே அரித்துவிடும்.

அந்த நேரத்தில் விற்காமல் தப்பிக்கும் வழிதான் பக்கெட் முறை. 1980-களில் அமெரிக்க நிதி ஆலோசகர் ஹெரால்ட் எவென்ஸ்கி இதை இரண்டு பக்கெட்டுகளோடு சொன்னார். இன்று பரவலாக இருப்பது மூன்று பக்கெட். நம் வீடுகளில் இது புதிதல்ல: சமையலறையில் அரிசி டப்பா, கூடத்தில் நெல் குதிர், வெளியே வயல். பசிக்கிறதே என்று யாரும் விளையாத வயலை அறுப்பதில்லை.

ஒரு கணக்கு பார்ப்போம். 60 வயதுத் தம்பதி. கையில் 1 கோடி ரூபாய். பென்ஷன் போக மாதம் 40,000 ரூபாய் துண்டு விழுகிறது. ஆண்டுக்கு 4.8 லட்சம்.

முதல் பக்கெட்டில் இரண்டாண்டுச் செலவு, சுமார் 10 லட்சம். சேமிப்புக் கணக்கு, குறுகிய கால எஃப்டி, லிக்விட் ஃபண்ட் ஆகியவையே இதன் இடம். இங்கே வட்டியைப் பார்க்கக் கூடாது; கேட்ட நாளில் பணம் வர வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது பக்கெட்டில் 3-ஆம் ஆண்டு முதல் 10-ஆம் ஆண்டு வரைக்குமான 40 லட்சம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2025-ல் அதன் வட்டி 8.2%, சேர்ந்த நாளின் விகிதமே ஐந்தாண்டும் தொடரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கைக்கு வந்து முதல் பக்கெட்டில் விழும். மீதி 10 லட்சத்தை, 3, 4, 5, 6-ஆம் ஆண்டுகளில் ஒவ்வொன்றாக முதிரும்படி நான்கு எஃப்டிகளாகப் பிரிக்கலாம். எஃப்டிக்குப் பதில் தரமான கடன் பத்திர ஃபண்டும் சரிதான்.

மீதமுள்ள 50 லட்சம் மூன்றாவது பக்கெட். இன்டெக்ஸ் ஃபண்ட் போன்ற பங்கு முதலீடு. இது 11-ஆம் ஆண்டுக்கான பணம். விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால், அப்போது ஆண்டுச் செலவு 8.6 லட்சம் ஆகிவிடும். அதற்கு ஈடுகொடுக்கத்தான் இந்தப் பக்கெட்.

பிரித்து வைப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். முறையின் உயிர் நிரப்புவதில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், சொல்லப்போனால் பிறந்தநாளே போதும், மூன்றாவது பக்கெட்டின் மதிப்பைப் பாருங்கள். சென்ற ஆண்டைவிடக் கூடியிருந்தால், அந்த லாபத்திலிருந்து ஓராண்டுச் செலவை எடுத்து முதல் பக்கெட்டில் ஊற்றுங்கள். குறைந்திருந்தால் தொடாதீர்கள், திட்டத்தின் வட்டியும் முதிரும் எஃப்டியும் வீட்டை நடத்தட்டும்.

எத்தனை நாள் தாங்கும்? நம் தம்பதிக்கு, 6% விலைவாசி ஏற்றத்தோடு, சேமிப்புத் திட்டத்தின் முதலைத் தொடாமலேயே ஏறக்குறைய 6 ஆண்டு. இது தேவைக்கு அதிகமில்லை. 2008-ல் விட்ட 21,000-ஐ சென்செக்ஸ் 2010 நவம்பரில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சறுக்கியது. 2013 இறுதியில்தான் மீண்டும் அந்த உயரத்துக்கு வந்தது. இரண்டாண்டு ரொக்கத்தை மட்டும் நம்பியவர் நடுவிலேயே விற்றிருப்பார்.

தவறு இரண்டு பக்கமும் நடக்கும். நல்ல ஆண்டுகளில் லாபத்தை எடுக்க மனமில்லாமல் விட்டால், காலப்போக்கில் டப்பாவும் குதிரும் காலியாகி, வயல் மட்டும் மிஞ்சும். எல்லாப் பணமும் பங்கில் இருந்தால், நீங்கள் பழைய ஆபத்துக்கே திரும்பியிருக்கிறீர்கள். பயத்தில் முதல் பக்கெட்டில் ஐந்தாறு ஆண்டுப் பணத்தைக் குவித்தால், விலைவாசி அதைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த முறை பணத்தைப் பெருக்காது; போதாத பணத்தைப் போதுமாக்காது. இதே தம்பதி மாதம் 80,000 எடுத்தால் எத்தனை பக்கெட் வைத்தாலும் பணம் சீக்கிரமே தீரும். எனவே பக்கெட்டுகளை எண்ணுமுன், ஆண்டுக்கு எவ்வளவு துண்டு விழுகிறது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று பக்கெட்டின் அளவும் அந்த ஒரு எண்ணிலிருந்துதான் வருகிறது.