5ஜி அடையாளம் தெரிந்தால் 5ஜி கிடைத்துவிட்டதாகாது

கைப்பேசித் திரையின் மேல் ஓரத்தில் வரும் 5G என்ற எழுத்து வேகத்தை அளந்து சொல்வதில்லை. அருகிலுள்ள 4ஜி கோபுரம் 5ஜியையும் சேர்த்துத் தர வல்லது என்று அறிவித்தாலே பல கைப்பேசிகள் அந்த அடையாளத்தைக் காட்டிவிடும். அந்த நேரத்தில் தரவு முழுவதும் 4ஜி வழியே போய்க்கொண்டிருக்கலாம். பட்டர்வொர்த்தில் இது புரியாமல் சிம் அட்டையை மாற்றுகிறவர்களும் புதுக் கைப்பேசி வாங்குகிறவர்களும் ஏராளம். கடைக்காரர்களும் பெரும்பாலும் அதையே சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டுமே முதலில் செய்யத் தேவையற்ற செலவு.

மலேசியாவில் 5ஜி 2021 டிசம்பரில் டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட்டின் ஒரே வலையமைப்பாகத் தொடங்கியது. அது ஏற்கெனவே இருந்த 4ஜியின் தோள்மேல் நின்றது. இம்முறையில் கைப்பேசி முதலில் 4ஜியில் இணைந்து, தரவு தேவைப்படும்போது 5ஜியைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே 4ஜி கோபுரத்தில் நெரிசல் என்றால் 5ஜியும் தடுமாறும்.

பயன்படும் அலைவரிசைகள் முக்கியமாக இரண்டு. n78 எனப்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அகலமானது, வேகமானது. ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டியதும் நன்றாக மெலிந்துவிடும். n28 எனப்படும் 700 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவருக்குள்ளும் நுழையும்; அகலம் குறைவு என்பதால் வேகமும் குறைவு. வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த கைப்பேசியில் இவ்விரண்டும் உண்டா என்று மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் பார்க்க வேண்டும். பெட்டியில் 5ஜி என்று அச்சிட்டிருப்பது போதாது.

பாகான் ஆஜாமில் ஓர் அடுக்குமாடி வீட்டின் உள்ளறையை எடுத்துக்கொள்வோம். அடையாளம் 5G, வேகச் சோதனையில் 4 எம்பிபிஎஸ். அதே கைப்பேசியை 4ஜிக்கு மாற்றினால் 20 எம்பிபிஎஸ். உள்ளறைக்குள் 5ஜி அலை அறுந்து அறுந்து வருகிறது. கைப்பேசி அதைப் பிடிப்பதும் விடுவதும் மறுபடி பிடிப்பதுமாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் தரவு தேங்குகிறது. மின்கலம் தீர்வதற்கும் இதுவே காரணம்: 4ஜி, 5ஜி ரேடியோக்கள் இரண்டும் ஒருசேர இயங்குகின்றன, அலை மெலிந்த இடத்தில் கைப்பேசி தன் அலையை உரக்க அனுப்பவும் வேண்டியிருக்கிறது. அதே வீட்டின் சன்னலோரத்தில் நின்றால் வேகம் பல மடங்கு ஏறும். அப்படி ஏறினால் பழுது கைப்பேசியிலோ சிம்மிலோ இல்லை; சுவர்தான் காரணம்.

பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் *#*#4636#*#* என்று அழுத்தினால் இணைப்பு விவரம் திறக்கும். NR State என்ற வரியைக் காணொளி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். சும்மா இருக்கும் கைப்பேசி 5ஜியை விட்டுவிடும் என்பதால் அப்போது பார்ப்பது பயனற்றது. CONNECTED என்றிருந்தால் 5ஜி உண்மையாகவே இணைந்துள்ளது. ஐபோனில் *3001#12345#* என்று அழைத்தால் இதுபோன்ற பக்கம் வரும். அலை வலிமை மைனஸ் 80 அருகில் இருந்தால் நன்று. மைனஸ் 110ஐத் தாண்டி இறங்கினால் அந்த இடத்தில் 5ஜியை நம்ப வேண்டாம்.

உள்ளறையிலேயே நாள் கழிப்பவர்கள் வலையமைப்பு அமைப்பில் 4ஜி அல்லது LTE முறையைத் தேர்ந்தெடுப்பதே சரி. ஐபோனில் 5G On வேண்டாம், 5G Auto போதும். மலேசியாவில் 3ஜி 2021 இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டதால், VoLTE இயங்குகிறதா என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். இல்லையேல் அழைப்புகள் 2ஜிக்கு இறங்கிவிடும். வேகம் எந்த இடத்திலும் ஒரே எண்ணைத் தாண்டாமல் நின்றால், அது திட்டத்தின் வேக வரம்பு. வரம்பற்றது என விற்கப்படும் திட்டங்களிலும் இத்தகைய வரம்பு உண்டு. ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளைப் படிக்க வேண்டும்.

திறந்த வெளியிலும் வேகம் மோசமாக இருந்தால் புகார் செய்யலாம். முதலில் சேவை நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணை எழுதி வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் அடுத்த படிக்குப் போனால், முதலில் நிறுவனத்திடம் போகச் சொல்லித் திருப்பி அனுப்பப்படலாம். தேதி, நேரம், இடத்தின் முழு முகவரி, கைப்பேசி மாடல், 4ஜியிலும் 5ஜியிலும் எடுத்த வேகச் சோதனைப் படங்கள் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு படம் போதாது. மூன்று நாள், வெவ்வேறு நேரப் படங்கள் வேண்டும். 'லைன் ஸ்லோ' என்று மட்டும் எழுதினால் 'சரிபார்த்தோம், சிக்கல் இல்லை' என்ற வழக்கமான பதிலே வரும். அப்படிப்பட்ட பதிலோடு புகாரை மூட விடக்கூடாது.

நிறுவனம் தீர்க்காவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியிடம் 1800-188-030 என்ற எண்ணில் முறையிடலாம். பயனீட்டாளர் மன்றமான சிஎஃப்எம்-இன் எண் 1800-18-2222. இரண்டு இடத்திலும் முதலில் கேட்கப்படுவது நிறுவனம் கொடுத்த புகார் எண்தான்.