மேல்வீட்டுக்கு எப்போது வரலாம்?

அடுக்குமாடிக் குடியிருப்பில் நம் குளியலறைக் கூரை ஒழுகினால், வேலை நடக்க வேண்டிய இடம் பெரும்பாலும் மேல்வீடுதான். "நாளைக்கு பிளம்பர் வருவார், கொஞ்சம் கதவைத் திறந்துவிடுங்கள்" என்று அனுப்புவோம். அரை மணி நேர வேலை என்று நினைத்துச் சம்மதிப்பார்கள். மறுநாள் வரை குளியலறையில் கால் வைக்கக்கூடாது என்று பிளம்பர் சொன்னதும் முகம் மாறிவிடும். எத்தனை மணிக்கு வருகிறோம் என்பதோடு, வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பிளம்பர் முதலில் செய்வது தண்ணீர் கட்டிப் பார்க்கும் சோதனை. தரையில் தண்ணீர் போகும் ஜாலியை அடைத்து, வாசற்படியைத் தாண்டாதபடி ஓர் அங்குலம் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் முழுக்க விடுவார். அதற்குள் கீழே ஈரம் பரவினால், டைல்ஸுக்கு அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டிருக்கிறது. கூரை அப்படியே இருந்து, மறுநாள் அடைப்பை எடுத்தவுடன் சொட்டத் தொடங்கினால், கழிவுநீர்க் குழாயின் இணைப்பில் கோளாறு. யாரும் தண்ணீர் புழங்காதபோதும் நிற்காமல் சொட்டினால் சப்ளை குழாயைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஊறிப்போன தரை பல நாள் கசியும் என்பதால் வால்வை மூடிவைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே மேல்வீட்டுக்கு இரண்டு முறை போக வேண்டும், நடுவில் ஒரு நாள் குளியலறை இல்லை. இப்படி எழுதலாம்:

"வணக்கம் அக்கா, கீழ்வீட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குளியலறைக் கூரை ஒழுகுகிறது, போட்டோ அனுப்பியிருக்கிறேன். எங்கிருந்து வருகிறது என்று உங்கள் ஹால் பக்கக் குளியலறையில் சோதிக்க வேண்டும். சனிக்கிழமை காலை 10 மணிக்கு பிளம்பரோடு நானும் வருகிறேன். அரை மணி நேரம் ஆகும். தரையில் தண்ணீர் கட்டுவதால் ஞாயிறு காலை 10 மணி வரை அந்தக் குளியலறையைப் பயன்படுத்த முடியாது. அப்போது மறுபடி வந்து திறந்துவிடுவோம். இப்போதைக்கு டைல்ஸ் எதையும் உடைக்கப் போவதில்லை. இந்த வாரம் தோதுப்படாவிட்டால் அடுத்த சனி, ஞாயிறும் சரிதான்."

டைல்ஸ் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். வீட்டை உடைத்துப் போட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் பலரைப் பதில் போடாமல் இருக்க வைக்கிறது. சோதனையில் பூச்சுதான் கெட்டது என்று தெரிந்தால் உடைத்துத்தான் ஆக வேண்டும். அது பல நாள் வேலை, அதற்குத் தனியாகப் பேசி நாள் குறிக்க வேண்டும்.

மேலே இருப்பவர் வாடகைக்காரர் என்றால் சோதனைக்கு அவர் கதவைத் திறக்கலாம், டைல்ஸை உடைக்க உரிமையாளர் சம்மதம் வேண்டும். அதனால் அவருக்கும் அதே செய்தியை அனுப்புங்கள். பழுது பார்க்க அந்த உரிமையாளரே வருவதானாலும் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது: தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடகைக்காரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.