எந்த வேறுபாட்டைத் தோண்டிப் பார்ப்பது?

பட்ஜெட்டில் போட்ட தொகைக்கும் உண்மையில் ஆன செலவுக்கும் உள்ள இடைவெளியை அடக்கவிலைக் கணக்கில் ‘வேறுபாடு’ என்பார்கள். மாதம் 1 லட்சம் கிலோ பஞ்சு ஓட்டும் ஒரு நூற்பாலையை உதாரணமாகக் கொண்டால், அதன் மாத அறிக்கையில் ஏறக்குறைய எல்லா வரியிலும் ஒரு வேறுபாடு இருக்கும். அத்தனைக்கும் காரணம் தேடினால் கணக்காளருக்கும் ஸ்பின்னிங் மாஸ்டருக்கும் வேறு வேலையே நடக்காது.

முதலில் பார்ப்பது தொகையின் அளவு. டீச் செலவு 5,000 ரூபாயிலிருந்து 7,000 ஆனால் 40 சதவீத உயர்வு. ஆனாலும் போவது 2,000 ரூபாய்தான். எனவே சதவீதத்தை மட்டும் நம்பாமல் ரூபாயிலும் ஒரு வரம்பு வைக்கிறார்கள். இந்த ஆலையில் அது 2 லட்சம்.

அடுத்தது, அந்தச் செலவு யார் கையில் இருக்கிறது என்பது. மின்கட்டணம் 3 லட்சம் கூடியிருக்கிறது. யூனிட் விலை ஏறியதுதான் காரணம் என்றால் விசாரிக்க ஒன்றுமில்லை, பட்ஜெட்டைத் திருத்தினால் போதும். ஒரு கிலோ நூலுக்கு ஆகும் யூனிட் கூடியிருந்தால் மெஷின்களைப் பார்த்தாக வேண்டும். பில்லை இப்படி இரண்டாகப் பிரிக்காமல் ஆளைக் கூப்பிட்டுக் கேட்பது நியாயமல்ல.

இந்த இரண்டு சல்லடையிலும் சிக்காமல் நழுவுவது மெல்ல வளரும் நட்டம். 100 கிலோ பஞ்சுக்கு 86 கிலோ நூல் வர வேண்டும் என்பது இந்த ஆலையின் அளவு. மூன்று மாதங்களில் அது 85.7, 85.4, 85.1 என இறங்குகிறது. நூல் குறைந்தது முறையே 300, 600, 900 கிலோ. கழிவு விற்ற பணம் போக, கிலோவுக்கு 150 ரூபாய் நட்டம் என்றால் 45,000, 90,000, 1,35,000 ரூபாய். எந்த மாதமும் வரம்பைத் தொடவில்லை. மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கினால் அது இயல்பான ஆட்டம்; மூன்று மாதமும் ஒரே பக்கம் சரிந்தால் விசாரிப்பதே சரி.

பழி முதலில் விழுவது கார்டிங் பிரிவின் மேல். ஆனால் அதே மூன்று மாதமும் பஞ்சு விலை வரியில், மாதம் சுமார் 50,000 ரூபாய் சாதகமான வேறுபாடு இருக்கிறது. 356 கிலோ கொண்ட கண்டிக்கு 180 ரூபாய் மலிவாக, தூசு அதிகமுள்ள பஞ்சை வாங்கி, மிக்ஸிங்கில் அதன் பங்கை மாதாமாதம் கூட்டியிருக்கிறார்கள். தூசு கூடினால் கழிவும் கூடும். சாதகமான வேறுபாட்டை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதால்தான் இது மறைந்து கிடந்தது. பதில் சொல்ல வேண்டியது கொள்முதல் பிரிவு.

மூன்று மாத நட்டம் 2,70,000 ரூபாய், மிச்சம் 1,50,000. சரிவு இப்படியே போனால் நான்காம் மாத நட்டம் 1,80,000 ஆகும். அப்போதும் அது 2 லட்ச வரம்புக்கு உள்ளேதான் இருக்கும்.