ஹெச்.ஆர். கூப்பிட்டபோது எடுக்க முடியவில்லையா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறீர்கள். கோவையில் வேறு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள். திங்கட்கிழமை பகல் 11.40-க்குப் போன் அடித்திருக்கிறது. முதலாளி எதிரில் இருந்ததால் எடுக்கவில்லை. ட்ரூகாலரில் பார்த்தால் ஒரு பெயரும், பக்கத்தில் ஹெச்.ஆர். (நிறுவனத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர்) என்றும் இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

உடனே திருப்பிக் கூப்பிடலாமா? வெளியே வந்து பத்து நிமிடம் நிம்மதியாகப் பேச முடியுமென்றால் கூப்பிடுங்கள், அதுவே நல்லது. முடியாதென்றால் வேண்டாம். மாடிப்படியில் நின்று கிசுகிசுத்தால், சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவீர்கள். அப்போது குறுஞ்செய்திதான் சரி.

"கூப்பிட்டிருந்தீர்களா? யார் நீங்கள்?" என்று அனுப்பினால் போதாதா? போதாது. அவர் அன்று பலரைக் கூப்பிட்டிருப்பார், அதுவும் ஒரே வேலைக்காக இல்லை. உங்கள் எண்ணை மட்டும் பார்த்து நீங்கள் யாரென்று அவர் தேட வேண்டும். தேடுவதற்குள் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அதனால் பயோடேட்டாவில் இருக்கும் அதே பெயரையும், எந்த வேலைக்கு விண்ணப்பித்தீர்கள் என்பதையும் முதல் வரியிலேயே கொடுத்துவிடுங்கள்.

இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். நான் ச. கவிதா. கோவை அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். இன்று 11.40-க்கு நீங்கள் கூப்பிட்டபோது எடுக்க முடியவில்லை. அந்த வேலை பற்றிப் பேச, செவ்வாய் (10-ம் தேதி) காலை 9.30 – 10.00 அல்லது புதன் (11-ம் தேதி) மாலை 5.30 – 6.00, எது உங்களுக்கு வசதி? இதே எண்ணில் இருப்பேன்."

எதற்கு இரண்டு நேரம்? ஒன்றே ஒன்று சொன்னால், அவருக்கு அப்போது வேறு வேலை இருந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்பது பணிவாகத் தெரியும். ஆனால் நடப்பது என்ன? அவர் மறுபடியும் 11.40-க்கே கூப்பிடுவார், முதலாளி மறுபடியும் எதிரில் இருப்பார். நாலைந்து நேரம் கொடுத்தால் அவர் படித்து முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுவார். இரண்டு என்றால் "செவ்வாய் ஓகே" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிடலாம்.

எந்த நேரங்களைத் தேர்வது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நமக்கு ஓய்வு இரவு எட்டு மணிக்கு. அவருக்கு அப்போது அலுவலகம் கிடையாது. அவருடைய அலுவலக நேரத்தின் இரண்டு ஓரங்களைப் பாருங்கள்: காலையில் வேலை தொடங்கும் சமயம், மாலையில் முடியும் சமயம். ஒன்று காலை, ஒன்று மாலை, அதுவும் வெவ்வேறு நாளில் இருந்தால் இரண்டும் சேர்ந்து தவறுவது அபூர்வம். காலை 9.30 என்றால் நீங்கள் அரை மணி நேரம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அதைக் கேட்டு வாங்கிய பிறகே நேரத்தை எழுதுங்கள். பஸ்ஸில் இருக்கும் நேரத்தைக் கொடுக்காதீர்கள், ஹாரன் சத்தத்தில் பாதிப் பேச்சு போய்விடும்.

"நாளை காலை" என்று மட்டும் எழுதினால்? அவர் செய்தியை மறுநாள் படித்தால் "நாளை" புதன்கிழமையாகிவிடும். கிழமை, தேதி இரண்டையும் போடுங்கள்.

எந்த வேலை என்றே தெரியவில்லையே என்கிறீர்களா? பல இடங்களுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இது சகஜம். ஊகித்து ஒரு பெயரைப் போட வேண்டாம். "அக்கவுன்ட்ஸ் வேலைகளுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், எந்த நிறுவனம், எந்த வேலை என்று தெரிவித்தால் தயாராக இருப்பேன்" என்று கேளுங்கள். பதிலில் நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் பதிவுக் கட்டணம், ஆதார் நகல், ஓடிபி என்று பேச்சு போனால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேலை கொடுப்பவர் உங்களிடம் காசு கேட்க மாட்டார்.

வாட்ஸப்பா, எஸ்.எம்.எஸ்.ஸா? அந்த எண்ணுக்கு வாட்ஸப் இருந்தால் அதிலேயே அனுப்புங்கள். உங்கள் முகப்புப் படத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அவரும் பார்ப்பார். 0422 என்று தொடங்கும் தரைவழி எண்ணிலிருந்து வந்திருந்தால் செய்தி அனுப்பிப் பயனில்லை. விண்ணப்பித்தபோது வந்த மின்னஞ்சலைத் தேடி, இதே வரிகளை அதற்கு மறுமொழியாக அனுப்புங்கள்.

பதிலே வராவிட்டால்? செவ்வாய் 9.30-க்குப் போனைக் கையில் வைத்திருங்கள். பதில் போடாமலேயே நேராகக் கூப்பிடுபவர்களும் உண்டு. புதன் மாலையும் தாண்டிவிட்டால் வியாழன் காலை பத்து மணிக்கு மேல் நீங்களே ஒருமுறை கூப்பிடுங்கள். எடுத்தால் பெயர், வேலை, "திங்கட்கிழமை கூப்பிட்டிருந்தீர்கள்" என்ற மூன்றையும் அதே வரிசையில் சொல்லுங்கள். எடுக்காவிட்டால் விட்டுவிட்டு அடுத்த விண்ணப்பத்தைப் பாருங்கள்.