உரை முன்மொழிவின் மூன்று உறுப்புகள்: ஆம்பூர்த் தோல் தொழிலின் உப்புச் சிக்கலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கருத்தரங்கில் உரையாற்ற விரும்புவோர் அமைப்பாளருக்கு உரைச்சுருக்கம், கேட்போர் பெறும் பயன், உரையாளர் பின்னணி ஆகிய மூன்றையும் அனுப்ப வேண்டியிருக்கிறது. இம்மூன்றும் மூன்று வெவ்வேறு வினாக்களுக்கு விடையாக அமைபவை. பயன் பகுதியைக் கொண்டு மற்ற இரண்டையும் சோதித்துத் திருத்தலாம் என்பதை, ஆம்பூர் வட்டாரத் தோல் பதனிடும் தொழிலின் உப்புக் கழிவு பற்றிய ஒரு மாதிரி முன்மொழிவின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உரை முன்மொழிவு, உரைச்சுருக்கம், கருத்தரங்கு, ஆம்பூர், தோல் பதனிடுதல், உப்புக் கழிவு

முன்னுரை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிலைப் பற்றி வேதியியலார், சட்ட அறிஞர், சூழலியல் வரலாற்றாசிரியர் எனப் பல துறையினரும் ஆய்வு செய்கின்றனர். சென்னையில் 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வாளரையும் தொழில்துறையினரையும் ஒன்றுகூட்டும் சந்திப்பை ஆண்டுதோறும் நடத்துகிறது. பன்னாட்டுத் தோல் தொழில்நுட்ப வல்லுநர் மாநாடும் 2017இல் சென்னையில் கூடியது. இத்தகைய அரங்குகளில் ஒரு துறையினரின் முன்மொழிவை மற்றொரு துறையினர் மதிப்பிட நேர்கிறது. உள்ளடக்கம் வலுவாக இருந்தும் முன்மொழிவு தவறாக எழுதப்பட்டமையால் உரை தள்ளப்படுவது இங்கே எளிதில் நிகழும்.

கீழே ஆராயப்படும் முன்மொழிவு விளக்கத்திற்காக அமைக்கப்பட்டது. உரையாளர் ஒரு சூழலியல் வரலாற்று ஆய்வாளர் என்றும், உரைக்குப் பதினைந்து நிமிடமும் வினாவிற்கு ஐந்து நிமிடமும் உண்டு என்றும் கொள்ளலாம்.

உரைச்சுருக்கம்

முதல் வரைவு இவ்வாறு அமைகிறது: “வேலூர் மாவட்டத்தின் ஆம்பூர் தோல் தொழிலுக்குப் புகழ்பெற்றது. இத்தொழில் பலருக்கு வாழ்வளித்தாலும் பாலாற்றை மாசுபடுத்தியுள்ளது. தோல் தொழிலால் விளைந்த சூழல் கேடுகளையும் அவற்றுக்கான தீர்வுகளையும் இவ்வுரை ஆராய முற்படுகிறது.”

இதில் மூன்று குறைகள் உள்ளன. 2019இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. அவ்வட்டாரம் அறிந்த மதிப்பீட்டாளர் முதல் தொடரிலேயே ஐயம் கொள்வார். இரண்டாவதாக, இத்தொடர்களை இதே பொருளில் அமையும் எந்த உரைக்கும் பொருத்திவிடலாம். மூன்றாவது குறையே பெரிது. ‘ஆராய முற்படுகிறது’ என்னும் முடிப்பு உரையாளர் கண்டது என்ன என்பதைச் சொல்லாமல் விடுகிறது. தமிழ் ஆய்வுச் சுருக்கங்களில் இம்முடிப்பு வழக்கமாகிவிட்டது. மதிப்பீட்டாளரோ ஆய்வு முடிந்துவிட்டதா என்பதையே முதலில் அறிய விரும்புகிறார்.

சுருக்கம் வினா, சான்று, முடிவு, எல்லை என்னும் நான்கையும் இவ்வரிசையில் சொன்னால் போதும். திருத்திய வரைவு வருமாறு:

“ஆம்பூர் வட்டாரத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பெருகிய பின்னரும் உப்புச் சிக்கல் ஏன் தீரவில்லை? வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் வழங்கிய தீர்ப்பையும், வெளியேற்ற நீருக்கான தர அளவுகளையும், சுத்திகரிப்பு முறைகள் பற்றிய தொழில்நுட்ப ஆவணங்களையும் ஒப்பிட்டு இவ்வுரை விடை காண்கிறது. பதனிட்ட நீரில் எஞ்சும் குரோமியத்தைக் காரம் சேர்த்து வீழ்படிவாக்கிப் பிரிக்கலாம். பச்சைத்தோலைக் கெடாமல் காக்க இடும் உப்போ நீரில் கரைந்தே நிற்கிறது. நுண்ணுயிர்வழிச் சுத்திகரிப்பு அதைக் குறைப்பதில்லை. பின்னர் வந்த சவ்வு வடிப்பும் ஆவியாக்கலும் உப்பை நீரிலிருந்து பிரித்தன. ஆனால் பயன்பாடற்ற கலப்பு உப்பாக அது நிலத்தின்மேல் குவிகிறது. பாலாற்றுப் படுகையின் நிலத்தடிநீர் உவர்ப்பில் தோல் தொழிலின் பங்கு எவ்வளவு என்பதை இவ்வுரை அளவிடவில்லை.”

இறுதித் தொடரை நீக்கிவிடத் தோன்றலாம். எனினும் அதுவே உரையைக் காப்பாற்றும். மணல் அள்ளுதல், நீர்வரத்துக் குறைவு முதலிய காரணங்களும் பாலாற்றின் நிலைக்கு உண்டு. எல்லை கூறாத உரையில் வினா நேரம் முழுவதும் அவற்றிலேயே கழிந்துவிடும்.

கேட்போர் பெறும் பயன்

இப்பகுதியில் ‘விழிப்புணர்வு பெறுவர்’, ‘புரிதல் அடைவர்’ என எழுதுவதே பெருவழக்கு. கேட்டவர் அவற்றை அடைந்தாரா என்று எவராலும் சோதிக்க இயலாது. உரை முடிந்தபின் கேட்டவர் எதைச் செய்ய வல்லவராவார் என்பதை வினைச்சொல்லால் குறிக்க வேண்டும். மாதிரி முன்மொழிவின் மூன்று பயன்கள் வருமாறு:

1. குரோமியமும் உப்பும் வெவ்வேறு முறையில் நீக்கப்பட வேண்டியவை என்பதைக் காரணத்துடன் விளக்குவர்.
2. ஒரு நீர்ப் பகுப்பாய்வுத் தாளில் கரைந்த திண்மங்களின் அளவை, லிட்டருக்கு 2100 மில்லிகிராம் என்னும் வரம்போடு ஒப்பிட்டுப் படிப்பர்.
3. உப்பைச் சுத்திகரிப்பு நிலையத்தில் பிரிப்பதையும், ஊறவைக்குமுன் தோலிலிருந்து உதறி அகற்றுவதையும் ஒப்பிட்டு மதிப்பிடுவர்.

இனி ஒவ்வொரு பயனுக்கும் சுருக்கத்தில் சான்று உண்டா என்று பார்க்க வேண்டும். முதற்பயனுக்கு உண்டு. இரண்டாவதற்குத் தர அளவு சான்றாகிறது. மூன்றாவது பயனுக்குரிய செய்தி சுருக்கத்தில் இல்லை. தோலின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பு இடப்படுகிறது என்பதும், தோலில் ஒட்டிநிற்கும் உப்பின் ஒரு பகுதியை நீர் படுமுன் உதறி எடுக்கலாம் என்பதும் அங்கே இடம்பெற வேண்டும். இல்லையேல் மூன்றாவது பயனை நீக்கிவிட வேண்டும். பதினைந்து நிமிடத்தில் ஒரு பயனுக்கு ஐந்து நிமிடமே கிடைக்கும். ஆகவே நான்காவது பயனுக்கு இடமில்லை. பயனில் தடுமாற்றம் தெரிந்தால் திருத்த வேண்டியது பெரும்பாலும் சுருக்கத்தையே.

உரையாளர் பின்னணி

பெற்ற பட்டங்களையும் விருதுகளையும் அடுக்குவது இப்பகுதியின் பொதுக்குறை. இவ்வுரைக்குரிய சான்றோடு உரையாளருக்கு உள்ள தொடர்பே இங்கே கேட்கப்படுகிறது: “சூழலியல் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வாளர். 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் அதற்குப் பிந்தைய ஆணைகளையும் தொகுத்து ஆய்ந்தவர். வேதியியல் ஆய்வகப் பயிற்சி இல்லை. தொழில்நுட்பச் செய்திகளுக்கு வெளியிடப்பட்ட ஆவணங்களையே சார்கிறார். எத்தோல் நிறுவனத்திடமும் நிதி பெறவில்லை.” இறுதி இரு தொடர்களும் தோல் தொழில் பற்றிய உரைக்கு இன்றியமையாதவை. வழக்கும் இழப்பீடும் நிகழ்ந்த களத்தில், பேசுபவர் யார் சார்பினர் என்ற ஐயம் அரங்கில் எழுவது இயல்பு.

பெயர் மறைத்து மதிப்பிடும் கருத்தரங்குகளில் பின்னணி மதிப்பீட்டாளருக்கு அனுப்பப்படுவதில்லை. அங்கே சுருக்கத்தில் ‘என் முந்தைய நூலில்’ என எழுதினால் மறைப்பு குலைந்துவிடும். சுருக்கத்தின் வலிமைக்குப் பின்னணியை நம்பியிருக்கவும் இயலாது. களத்தில் பேசிய தொழிலாளரின் பெயரும் பணியிடமும் எப்பகுதியிலும் வரலாகாது. ஏற்கப்பட்ட சுருக்கம் அச்சாகிப் பலரையும் சென்றடையும். பேசியவர் தம் வேலையை இழக்க அது காரணமாகிவிடலாம்.

முடிவுரை

எழுதும் வரிசை அனுப்பும் வரிசையாக இருக்க வேண்டியதில்லை. பயன்களை முதலில் எழுதி, அவற்றை நிறுவத் தேவையான சான்றுகளைக் கொண்டு சுருக்கத்தை அமைத்து, அச்சான்றுகளைக் கையாளும் தகுதியை மட்டும் பின்னணியில் கூறுவது பொருந்தும். மாதிரி முன்மொழிவில் ‘சூழல் கேடுகள்’ என்று பரந்து நின்ற பொருள், சுத்திகரிப்புக்குப் பின் எஞ்சும் உப்பு என்ற ஒரே வினாவாகக் குறுகியது. பதினைந்து நிமிடத்தில் விடை கூறத்தக்க அளவும் அதுவே.